கருத்தரங்கின் நன்றியுரை: யாருக்கு முதலில், யாருக்கு அடுத்து

கல்லூரிக் கருத்தரங்குகளில் நன்றியுரையைப் பெரும்பாலும் துறையில் கடைசியாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியரிடமோ முனைவர் பட்ட ஆய்வாளரிடமோதான் கொடுப்பார்கள். "நீங்க நன்றி சொல்லிடுங்க, அஞ்சு நிமிஷம்தானே" என்று முதல் நாள் மாலையில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நம் கையில் அழைப்பிதழைத் தவிர வேறொன்றும் இருக்காது. அதில் உள்ள பெயர்களை மேலிருந்து கீழாக வாசித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் ‘நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று சேர்த்தால் போதும் என்று தோன்றும்.

என் முதல் நன்றியுரையை நான் அப்படித்தான் செய்தேன். இரண்டாம் அமர்வின் தலைவர் என்று அழைப்பிதழில் அச்சாகியிருந்த பேராசிரியருக்கு மேடையிலிருந்து நன்றி சொன்னேன். அவர் அன்று வரவே இல்லை, காய்ச்சல் என்று காலையிலேயே தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். பக்கத்து ஊரிலிருந்து கட்டுரை வாசிக்க வந்திருந்த இன்னொருவரை அவசரமாகக் கேட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் 11 கட்டுரைகளையும் நேரத்துக்குள் முடித்துக்கொடுத்துவிட்டு, நான் பேசும்போது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கீழே இறங்கிய பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவரிடம் போய்ச் சொன்னேன், அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் எனக்கு அது இன்றுவரை உறுத்துகிறது. அதற்குப் பிறகு அழைப்பிதழை மட்டும் நம்பி நான் நன்றி சொன்னதில்லை. எப்படிச் செய்கிறேன் என்பதை, எங்கள் தமிழ்த்துறையில் வேளாண்மை சார்ந்த நாட்டுப்புறப் பாடல்களைப் பற்றி நடந்த ஒருநாள் கருத்தரங்கை வைத்தே சொல்கிறேன். சிறப்புரைகள் 2, அமர்வுகள் 3, கட்டுரைகள் 38, அழைப்பிதழில் நன்றி நவிலலுக்கு 5 நிமிடம்.

முதலில், எந்த நன்றியுரை என்று கேளுங்கள்

ஒருநாள் கருத்தரங்காக இருந்தாலும் பல கல்லூரிகளில் இரண்டு நன்றியுரை இருக்கும். காலையில் தொடக்க விழா முடிந்ததும் ஒன்று, மாலையில் நிறைவு விழாவின் கடைசியில் ஒன்று. இரண்டும் வேறு வேறு வேலை. காலை நன்றியுரை அப்போது மேடையில் இருப்பவர்களுக்கானது. அமர்வுகள் இன்னும் தொடங்கவே இல்லை, கட்டுரை யாரும் வாசிக்கவில்லை, சாப்பாடு போடவில்லை. நடக்காத வேலைக்கு நன்றி சொல்லக் கூடாது, 2 நிமிடத்தில் முடித்துவிட வேண்டும். மாலையில் சொல்வதுதான் முழு நன்றியுரை, நான் இங்கே சொல்வதும் அதைப் பற்றித்தான். உங்களிடம் எது கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும், இன்னொன்றைச் சொல்பவர் யார் என்பதையும் கேட்டுவிட்டு அவரோடு 5 நிமிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். இல்லையென்றால் செயலருக்கும் முதல்வருக்கும் ஒரே வாக்கியத்தில் ஒரே நாளில் இரண்டு முறை நன்றி போய்விடும்.

பெயர்களைச் சேர்ப்பது

அழைப்பிதழ் அச்சுக்குப் போவது நிகழ்ச்சிக்கு 2, 3 வாரத்துக்கு முன்னால். அதில் இருப்பது திட்டம், நடந்ததல்ல. அதனால் அதோடு இன்னும் இரண்டு தாள்களையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, பணிக்குழுப் பட்டியல். வரவேற்புக் குழு, பதிவுக் குழு, உணவுக் குழு, தங்குமிடக் குழு என்று ஒருங்கிணைப்பாளர் பிரித்துக் கொடுத்திருப்பார். மற்றொன்றைப் பலரும் நினைத்தே பார்ப்பதில்லை, அது செலவுச் சீட்டுகள் இருக்கும் கோப்பு. கருத்தரங்கக் கோவையை அச்சடித்தவர், பதாகை செய்தவர், ஒலிபெருக்கி, சமையல், வாடகைக் கார், நினைவுப் பரிசு என்று கை நீட்டிய ஒவ்வொருவரும் அந்தக் கோப்பில் ஒரு சீட்டாக இருப்பார்கள். அதைப் புரட்டினால் அழைப்பிதழில் ஒருநாளும் வராத ஆட்கள் தெரிவார்கள். அந்தக் கோப்பு அலுவலகத்தில் ஒருவரிடம் இருக்கும், அவரும் உங்கள் பட்டியலில் வர வேண்டியவர்தான்.

காசு வாங்கிக்கொண்டு வேலை செய்தவருக்கு மேடையில் நன்றி தேவையா என்று சிலர் கேட்பார்கள். என் வழக்கம் இது: பணம் பெற்றுச் செய்த வேலையை வேலையின் பெயரால் சொல்வேன், சொன்னதற்கு மேல் ஏதாவது செய்திருந்தால் ஆளின் பெயரையும் சேர்ப்பேன். அந்தக் கருத்தரங்கில் கோவையில் ஒரு கட்டுரையின் பக்கங்கள் மாறி அச்சாகிவிட்டன. அச்சகத்தார் இரவோடு இரவாக அந்தப் பக்கங்களை மட்டும் மறுபடி அடித்து, காலையில் பதிவு தொடங்குவதற்குள் கொண்டுவந்து சேர்த்தார். அவர் பெயரைச் சொன்னேன்.

வரிசையின் பின்னால் இருக்கும் கணக்கு

பதவியை வைத்து மேலிருந்து கீழே வருவதுதான் வரிசை என்று புதிதாகச் செய்கிறவர்கள் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் பாதியில் சிக்கிக்கொள்வீர்கள். சிறப்பு விருந்தினர் பெரியவரா, செயலர் பெரியவரா? பக்கத்துத் துறைத்தலைவரை எங்கே வைப்பது? நல்கை கொடுத்த நிறுவனத்துக்குப் பதவியே கிடையாதே? இப்படி ஒவ்வொரு பெயரிலும் நிற்க வேண்டிவரும்.

அதைவிட, இந்தக் கருத்தரங்கம் எப்படி நடந்தது என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒருவர் அனுமதி கொடுத்தார், இடமும் பணமும் வந்தன. அதனால் விருந்தினர்களை அழைக்க முடிந்தது, அவர்கள் வந்து பேசினார்கள், கட்டுரையாளர்கள் வாசித்தார்கள். அது தடங்கல் இல்லாமல் நடக்கச் சிலர் பின்னால் நின்று உழைத்தார்கள். இவ்வளவும் யாருக்காக நடந்ததோ அவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். இதுதான் நன்றியுரையின் நான்கு தொகுதிகள்: இடமும் பணமும் தந்தவர்கள், அறிவு தந்தவர்கள், உழைத்தவர்கள், கேட்டவர்கள். ஒரு பெயரை எங்கே வைப்பது என்று சந்தேகம் வந்தால், அவர் இன்று என்ன செய்தார் என்று கேளுங்கள், இடம் தானாகத் தெரியும். பக்கத்துத் துறைத்தலைவர் தன் துறையின் அரங்கைக் கொடுத்திருந்தால் முதல் தொகுதி, அமர்வுக்குத் தலைமை தாங்கியிருந்தால் இரண்டாவது, சும்மா வந்து உட்கார்ந்து கேட்டிருந்தால் நான்காவது.

முதல் தொகுதியில் செயலர் அல்லது தாளாளர், முதல்வர், நல்கை தந்த நிறுவனம் என்று போகலாம். அரசுக் கல்லூரியில் செயலர் கிடையாது, முதல்வரிலிருந்து தொடங்கும். நிறுவனத்தின் பெயரை அனுமதிக் கடிதத்தில் உள்ளபடி முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் வேறு வேறு. முன்னது மத்திய அரசின் கீழ் வருவது, பின்னது தரமணியில் மாநில அரசின் கீழ் இயங்குவது. வாய்ப்பழக்கத்தில் ஒன்றை இன்னொன்றாகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு, அதுவும் நல்கை கொடுத்தவர்களின் பிரதிநிதி எதிரில் இருக்கும்போது.

இரண்டாவதில் சிறப்புரையாளர்கள், அமர்வுத் தலைவர்கள், கட்டுரையாளர்கள். சமமானவர்கள் இருவர் இருந்தால் வயதையோ பட்டத்தையோ பார்க்க வேண்டாம், நிகழ்ச்சி நிரலில் யார் முதலில் பேசினாரோ அவர் முதலில். யாரும் குறை சொல்ல முடியாத வரிசை அது ஒன்றுதான்.

மூன்றாவது தொகுதி துறைத்தலைவரில் தொடங்கி, ஒருங்கிணைப்பாளர், துறை ஆசிரியர்கள், அலுவலகம், ஒலி ஒளி, உணவு, தூய்மைப் பணியாளர்கள், மாணவத் தொண்டர்கள் என்று நீளும். சிக்கல் இங்கேதான். முதல் இரண்டு தொகுதிக்கே 4 நிமிடம் போய்விட்டால், உண்மையில் ஓடியாடியவர்களின் பெயர் வரும்போது கூட்டம் பையை எடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே நேரத்தை முன்கூட்டியே பங்கிட்டுவிடுங்கள். 5 நிமிடம் என்றால் முதல் தொகுதிக்கு 1, இரண்டாவதற்கு ஒன்றரை, மூன்றாவதற்கும் ஒன்றரை, கேட்டவர்களுக்கு அரை நிமிடம். மீதி அரை நிமிடத்தைக் கைதட்டலுக்கு விட்டுவிடுங்கள்.

சில ஊர்களில் விருந்தினருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் நிர்வாகத்துக்கு வருவார்கள். உங்கள் கல்லூரி வழக்கம் அதுவானால் அப்படியே செய்யுங்கள். விருந்தினர் ரயிலுக்குக் கிளம்ப வாசலில் கார் நிற்கிறது என்றாலும் அவரை முன்னால் கொண்டுவர வேண்டியதுதான். ஆனால் மாற்றினால் தொகுதியைத் தொகுதியாக மாற்றுங்கள். ஒரே ஒருவரை மட்டும் பிடுங்கி முன்னால் வைத்தால், அவருடன் வந்த இன்னொரு பேச்சாளர் தனியாகக் கீழே நிற்பது போலாகிவிடும்.

பெயர் சொல்வதா, கூட்டமாகச் சொல்வதா என்பதிலும் ஒரு முடிவு வேண்டும். ஒரு குழுவில் எல்லோர் பெயரையும் சொல்லுங்கள், அல்லது யார் பெயரையும் சொல்லாதீர்கள். துறையில் 9 ஆசிரியர்கள் இருக்கும்போது 6 பெயர் சொல்லி ‘மற்றும் பலர்’ என்றால், அந்த 3 பேருக்கு அது வெறும் விடுபடல் அல்ல. 24 மாணவத் தொண்டர்களின் பெயரையும் வாசிக்க நேரம் இருக்காது. அவர்களை வேலையைச் சொல்லி, எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.

வாக்கியத்தை அமைப்பது

தமிழில் நன்றியுரை எழுதும்போது எச்சங்கள் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். ‘எங்கள் அழைப்பினை ஏற்று, தம் பல்வேறு பணிகளுக்கிடையிலும் நேரம் ஒதுக்கி, நீண்ட தூரம் பயணித்து, இங்கு வருகை தந்து, சிறப்பானதோர் உரையாற்றி, எங்களையெல்லாம் மகிழ்வித்த’ என்று போகும்போது யாரைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று கேட்பவருக்குத் தெரியாது. பெயர் வரும் நேரத்தில் கவனம் போயிருக்கும். ஒரு பெயருக்கு முன்னால் இரண்டு செயலுக்கு மேல் வேண்டாம். அந்த இரண்டில் ஒன்றாவது அவருக்கு மட்டுமே பொருந்துவதாக இருக்கட்டும். ‘சிறப்பானதோர் உரை’ என்பதை யாருக்கும் சொல்லலாம். ஏற்றப்பாட்டில் வரும் எண்கள் இறைத்த சால்களின் கணக்கு என்று விளக்கியதை அவருக்கு மட்டும்தான் சொல்ல முடியும். இதற்காகப் பேச்சாளர் பேசும்போது ஒரு வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வரி போதும். உரையை மறுபடி சுருக்கிச் சொல்வது நன்றியுரையின் வேலை இல்லை, உரையின் கருத்தோடு உடன்படவில்லை என்றால் அதைப் பேசவும் இது இடமில்லை.

பெயரை வாக்கியத்தின் கடைசிப் பக்கம் கொண்டுவாருங்கள். பெயரைக் கேட்டதும் கைதட்டுவார்கள். பெயர் முதலில் வந்து செயல் பின்னால் வந்தால், அந்தக் கைதட்டலில் செயல் காதில் விழாது. ஆனால் எல்லா வாக்கியமும் இப்படியே முடிந்தாலும் சலிக்கும், 4 பெயருக்கு ஒருமுறை ‘எங்கள் துறை கடமைப்பட்டிருக்கிறது’, ‘மறக்க மாட்டோம்’ என்று முடிவை மாற்றிக்கொள்ளலாம். ‘நன்றியைத் தெரிவித்துக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளேன்’ என்பதை 15 முறை சொன்னால் அதற்கே ஒரு நிமிடம் போய்விடும், வெறும் ‘நன்றி’ போதும்.

இன்னொன்று, நாம், நாங்கள். நீங்கள் பேசுவது துறையின் சார்பில், அதனால் ‘நான்’ கிட்டத்தட்ட வரவே கூடாது. எதிரில் இருப்பவர்களில் பாதிப் பேர் வெளியூர். அவர்களிடம் ‘நம் கல்லூரிச் செயலர்’ என்றால் பொருந்தாது, ‘எங்கள் கல்லூரிச் செயலர்’. ‘நாங்கள் அழைத்தோம்’, ‘நாங்கள் நன்றி சொல்கிறோம்’. ஆனால் அன்று எல்லோரும் சேர்ந்து கேட்டதைச் சொல்லும்போது ‘நாம் காலையில் கேட்டோம்’. எழுதி முடித்ததும் இந்த ஒன்றுக்காக மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பெயரும் முன்னெழுத்தும்

அனுப்பிய கடிதத்தில் எஸ். என்று இருக்கும். அது ச., சி., சு., செ. என்று எதுவாகவும் இருக்கலாம், அப்பா பெயர் சுப்பிரமணியனா செல்லையாவா என்று நமக்கு எப்படித் தெரியும்? சிலர் தமிழிலும் எஸ். என்றே வைத்துக்கொள்வார்கள். அவரிடமே கேளுங்கள், உணவு வேளையில் கேட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆய்வுப் பட்டம் பெற்றவருக்கு முனைவர், இன்னும் பெறாதவருக்கு அதைச் சேர்க்கக் கூடாது, அது அவரைத்தான் சங்கடப்படுத்தும். ஓய்வு பெற்றவரை மேனாள் பேராசிரியர் என்பதுதான் மேடை வழக்கம். பேசும்போது ஐயா, அம்மா என்று அழைத்துப் பழகிய துறையென்றால் பெயரோடு அதையே சேர்க்கலாம், அப்படிச் சேர்த்தால் அதற்கு மேல் ‘அவர்கள்’ வேண்டியதில்லை.

எழுதி முடித்தது இப்படி இருந்தது

பெயர்களை எடுத்துவிட்டு அன்று நான் படித்ததைத் தருகிறேன்.

> அனைவருக்கும் மாலை வணக்கம்.
>
> இந்தக் கருத்தரங்கம் 6 மாதத்துக்கு முன்னால் நாங்கள் கொடுத்த ஒரு கடிதத்தில் தொடங்கியது. அந்தக் கடிதத்தை ஏற்று, அரங்கையும் விருந்தினர் விடுதியையும் தந்த எங்கள் கல்லூரிச் செயலர் (பெயர்) அவர்களுக்கு நன்றி. தேர்வுப் பணிகளுக்கு நடுவில் இந்த நாளை எங்களுக்கு ஒதுக்கித் தந்து, முதல் அமர்வு முழுவதும் எங்களோடு இருந்த முதல்வர் முனைவர் (பெயர்) அவர்களுக்கு எங்கள் துறை கடமைப்பட்டிருக்கிறது. நிதி நல்கை வழங்கிய (நிறுவனத்தின் முழுப்பெயர்) நிறுவனத்துக்கு நன்றி.
>
> நடவுப் பாட்டில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாடும் முறையை, பாடியே காட்டினார் மேனாள் பேராசிரியர் முனைவர் (பெயர்) ஐயா. மாலை ரயிலுக்காக மதியமே கிளம்பிவிட்டார், அவருக்கு எங்கள் நன்றி. ஏற்றப்பாட்டில் வரும் எண்கள் இறைத்த சால்களின் கணக்கு என்பதை நாம் எல்லோரும் இன்று தெளிவாகப் புரிந்துகொண்டோம், அதைச் சொல்லித்தந்த முனைவர் (பெயர்) அம்மாவுக்கு நன்றி. மூன்று அமர்வுகளையும் நேரம் தவறாமல் நடத்தித் தந்த முனைவர்கள் (பெயர்), (பெயர்), இன்று காலையில் கேட்டதும் மறுக்காமல் பொறுப்பேற்ற (பெயர்) ஆகியோருக்கு நன்றி. களத்தில் பாடல்களைத் திரட்டிக் கொண்டுவந்து வாசித்த 38 கட்டுரையாளர்களுக்கும் நன்றி.
>
> எங்களை நம்பி இந்தப் பொறுப்பைத் தந்த துறைத்தலைவர் முனைவர் (பெயர்) அவர்களுக்கும், அழைப்புக் கடிதம் முதல் இன்றைய பயணச் சீட்டு வரை ஒவ்வொன்றையும் கையில் வைத்திருந்த ஒருங்கிணைப்பாளர் முனைவர் (பெயர்) அவர்களுக்கும், துறையின் 9 ஆசிரியர்களுக்கும் நன்றி. வரவு செலவைப் பார்த்துக்கொண்ட அலுவலகக் கண்காணிப்பாளர் (பெயர்), இரவில் பக்கங்களை மறுபடி அச்சடித்துத் தந்த (பெயர்), மதியம் மின்சாரம் நின்றபோது 5 நிமிடத்தில் ஒலிபெருக்கியை மீட்டுத் தந்த (பெயர்), நமக்குச் சமைத்தவர்கள், இந்த அரங்கை நேற்றும் இன்றும் தூய்மையாக வைத்திருந்த (பெயர்), (பெயர்) அக்கா, எல்லோருக்கும் நன்றி. காலை 7 மணிக்கே பதிவு மேசைக்கு வந்துவிட்ட எங்கள் முதுகலை மாணவர்கள் 24 பேரும் இருந்த இடத்தில் எழுந்து நிற்க வேண்டுகிறேன். உங்களுக்கு நன்றி.
>
> காலையிலிருந்து கடைசிக் கட்டுரை வரை இருந்து கேட்டு, கேள்வியும் கேட்ட உங்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. இப்போது நாட்டுப்பண். அனைவரும் எழுந்து நிற்க வேண்டுகிறேன்.

கைதட்டலோடு சேர்த்து 4 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. தொடக்கத்தில் ‘மேடையில் வீற்றிருக்கும்’ என்று ஆரம்பித்து எல்லோரையும் விளித்து வணக்கம் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதே பெயர்கள் அடுத்த நிமிடமே நன்றியில் வரப்போகின்றன, இரண்டு முறை வாசித்தால் ஒன்றரை நிமிடம் வீண். மதியமே கிளம்பிவிட்டவருக்கும் நன்றி சொன்னோம். அவர் இல்லை என்பதை மறைக்கவும் இல்லை, அவர் எதிரில் இருப்பது போல அவரைப் பார்த்துப் பேசவும் இல்லை.

அன்றைய நாளில் செய்ய வேண்டியது

முதல் நாள் இரவே எழுதி, ஒரே பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்செடுத்து, பெயர்களைத் தடித்த எழுத்தில் வைத்துவிடுங்கள். ஒரு பெயர் இரண்டு வரியாக உடையக் கூடாது. வரிகளுக்கு நடுவில் இடம் விடுங்கள், மறுநாள் பென்சிலால் எழுத அது வேண்டும். கைப்பேசியைப் பார்த்துப் படிக்க வேண்டாம். நடுவில் அழைப்பு வரும், திரை அணையும், திருத்தம் எழுதவும் முடியாது.

நிறைவு விழாவுக்கு ஒரு மணி நேரம் முன்னால், எங்களுக்கு அது 3 மணி, அந்தத் தாளோடு ஒரு சுற்று நடந்து வாருங்கள். ஒருங்கிணைப்பாளரிடம் ‘யார் வரவில்லை, யார் பதிலுக்கு வந்தார்கள்’ என்று கேளுங்கள். பதிவு மேசையில் உள்ள மாணவரிடம் இன்று யார் உதவினார்கள் என்று கேளுங்கள். ஒலிபெருக்கியை யார் சரிசெய்தது, பந்தியில் யார் பரிமாறியது என்று உங்களுக்குத் தெரியாத இரண்டு பெயராவது அவரிடமிருந்து வரும். அரங்குக்குப் பின்னாலும் சமையல் நடக்கும் இடத்திலும் எட்டிப் பாருங்கள். நான் சொன்ன மின்சாரம் நின்ற விஷயமும், தூய்மைப் பணியாளர்களின் பெயர்களும் இந்தச் சுற்றில்தான் தாளில் ஏறின. முதல்வர் வெளியே போய்விட்டாரா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பங்கேற்புச் சான்றிதழ் எப்போது தருகிறார்கள் என்று கேளுங்கள். நன்றியுரைக்குப் பிறகு என்றால் நீங்கள் பேசும்போது யாரும் எழ மாட்டார்கள், ஆனால் கண் எல்லாம் சான்றிதழ்க் கட்டில் இருக்கும். முன்னால் என்றால் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு: மேடையில் 4, 5 பேருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மற்றவர்களுக்கு நாட்டுப்பண் முடிந்ததும் பதிவு மேசையில் கொடுப்பதாக அறிவிப்பது. ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு இதைச் செய்ய முடிந்தால் அரங்கம் கலையாமல் இருக்கும்.

மேடையில் பெயரைச் சொல்லும்போது தாளிலிருந்து கண்ணை எடுத்து அவர் இருக்கும் பக்கம் பாருங்கள், கைதட்டல் அடங்கட்டும், பிறகு அடுத்த வரி. பின்வரிசையில் நிற்கும் தொண்டர்கள், வாசலில் நிற்கும் ஒலிபெருக்கிக்காரர் எங்கே இருக்கிறார்கள் என்று மேடை ஏறும் முன்பே பார்த்து வைத்துக்கொண்டால் தடுமாற வேண்டியிருக்காது.

நேரம் குறைந்துவிட்டது, 2 நிமிடத்தில் முடியுங்கள் என்று சீட்டு வந்தால் என்ன செய்வது? வேகமாகப் படிக்காதீர்கள். பெயர்களை வெட்டாதீர்கள். செயல்களை வெட்டுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரே ஒரு செயலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்குப் பெயரும் நன்றியும் என்று போனால் நான்கு தொகுதியும் நிற்கும். இதற்காகத் தாளில் எந்த வரிகளை விடலாம் என்று பென்சிலால் அடைப்புக்குறி போட்டு வைத்துக்கொள்வது என் பழக்கம்.

கடைசி வரி சொன்னதும் மேடையை விட்டு இறங்கிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் நிகழ்ச்சி தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி நாட்டுப்பண்ணில் முடியும், நன்றியுரைக்கும் நாட்டுப்பண்ணுக்கும் நடுவில் வேறொன்றும் இல்லை. நீங்கள் இறங்கி நடந்துகொண்டிருக்கும்போது பாட்டு தொடங்கினால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். ஒலிவாங்கியை விட்டு ஓர் அடி தள்ளி, அங்கேயே நேராக நில்லுங்கள், 52 விநாடிதான். பாட்டு எந்தக் கருவியில் இருக்கிறது, யார் போடுவார்கள், அல்லது மாணவர்கள் பாடுகிறார்களா என்று முன்பே கேட்டுவிட்டால் ‘எழுந்து நிற்க வேண்டுகிறேன்’ என்று சொல்லிவிட்டு எல்லோரும் அமைதியாக நின்றுகொண்டிருக்கும் நிலை வராது.

ஒரு பெயர் விடுபட்டது நினைவுக்கு வந்தால்? நாட்டுப்பண் தொடங்கவில்லை என்றால் அதே இடத்தில் அந்தப் பெயரைச் சொல்லிவிடுங்கள், வரிசை கெட்டாலும் பரவாயில்லை. தொடங்கிவிட்டால் நிறுத்தக் கூடாது. முடிந்ததும் நேரே அவரிடம் போய், இன்ன இடத்தில் உங்கள் பெயரை விட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள், அவரோடு வேலை செய்தவர்கள் பக்கத்தில் இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது. ‘யாருடைய பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்’ என்று முன்கூட்டியே ஒரு வரி போட்டுக்கொள்ளும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை, அந்த வரியை எழுதும் நேரத்தில் இன்னொருமுறை செலவுச் சீட்டுகளைப் புரட்டிவிடலாம்.

கருத்தரங்கம் முடிந்த சில நாளில் ஒருங்கிணைப்பாளர் அறிக்கை எழுதுவார், நல்கை தந்த நிறுவனத்துக்கும் அது போகும். பென்சில் திருத்தங்களோடு இருக்கும் உங்கள் தாளை அவரிடம் கொடுங்கள். அன்று உண்மையில் யார் எந்த அமர்வை நடத்தினார், யார் வரவில்லை என்பது சரியாக எழுதப்பட்டிருக்கும் ஒரே தாள் பல நேரம் அதுதான். விடுபட்ட பெயரையும் அதில் எழுதிக்கொடுத்துவிடுங்கள், அறிக்கையில் ஏறிவிடும். ஒரு படி எடுத்துத் துறைக் கோப்பில் வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு "அஞ்சு நிமிஷம்தானே" என்று கேட்கப்படும் ஆய்வாளர் அதிலிருந்து தொடங்கிக்கொள்வார்.